பள்ளி பேண்டில் கேட்ட அந்த மார்ச்சின் பெயர் என்ன? காலடிக் கணக்கில் கண்டுபிடிப்பது எப்படி

குன்னூரில் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவின் கடைசியில், கொடி இறக்கும் நேரத்தில், ஒரு பேக்பைப் பேண்டு வாசித்த மெட்டு என் தலையில் முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. பெயர் தெரியாது. வரிகளும் இல்லை, பேண்டு இசைக்கு வரிகள் ஏது? போன மாதம்தான் கண்டுபிடித்தேன். செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு தாளும் போனில் ஸ்டாப்வாட்ச்சும் போதும். மெட்ரோனோம் ஆப் எதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. ஆப் ஒரு வேகத்தைத் தட்டத் தொடங்கியதும் நம் நினைவு அதன் பின்னால் ஓடிவிடும்.

முதலில் வாத்தியம்

என்னென்ன வாத்தியம் இருந்தது என்று யோசிப்பதைவிட, அவற்றின் சத்தம் எப்படி நடந்துகொண்டது என்று யோசியுங்கள். என் நினைவில் மெட்டுக்குக் கீழே ஒரே சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது, நாகஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பதுபோல. அது பேக்பைப்பின் அடையாளம். பேக்பைப்பில் மெட்டு வாசிக்கும் குழலுக்கு ஒன்பது சுரங்கள்தான். மூச்சு விட இடைவெளியும் கிடையாது, மெதுவாக, சத்தமாக என்ற ஏற்ற இறக்கமும் கிடையாது. உங்கள் நினைவில் "மெல்ல ஆரம்பித்து அப்புறம் பெரிதாக முழங்கியது" என்று இருந்தால் அது பேக்பைப் இல்லை, டிரம்பெட், கிளாரினெட் இருக்கும் பிராஸ் பேண்டு. மெட்டு படிப்படியாக ஏறாமல் நாலைந்து சுரங்களுக்குள் தாவித் தாவிப் போனது என்றால் பியூகிள். பியூகிளுக்கு வால்வு இல்லாததால் அதற்கு மேல் அதில் முடியாது.

வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் ராணுவத்தின் பைப் பேண்டை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி பார்ப்போம். அதனால் எனக்கு இந்தப் படி சுலபமாக முடிந்தது.

அடுத்து நடை வேகம்

உட்கார்ந்து கணக்கிடாதீர்கள். நான் முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து மெட்டை முணுமுணுத்தபடி விரலால் தட்டினேன். நிமிடத்துக்கு 112 வந்தது. மறுநாள் வராந்தாவில் நடந்தபடி முணுமுணுத்தால் 84. எது சரி? நடந்ததுதான். விரலுக்கு எடை இல்லை, அது ஓடிவிடும். 15 நொடி நடந்து, வைத்த அடிகளை எண்ணி, நான்கால் பெருக்குங்கள். இரண்டு கால்களையும் எண்ண வேண்டும். இடது காலை மட்டும் எண்ணினால் விடை பாதியாகி, குவிக் மார்ச் ஸ்லோ மார்ச்போல ஆகிவிடும்.

குவிக் மார்ச் பொதுவாக நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டி இருக்கும். 84 அதற்கு மிகவும் குறைவு, ஆனால் ஸ்லோ மார்ச் அளவுக்குக் குறைவும் இல்லை. பைப் பேண்டுகள் பல மெட்டுகளை இந்த நடுவேகத்தில் வாசிக்கும். ஆக, வேகம் மட்டும் பெயரைச் சொல்லாது.

நான் விழுந்த இடம்: எத்தனை அடிக்கு ஒரு சுற்று?

இங்கே மூன்று நாள் போனது. மெட்டு "மூன்று மூன்றாக" வந்தது என்று மட்டும் எனக்குத் தெரியும். மூன்று என்றால் 6/8 தாளம் என்று முடிவு கட்டி, 6/8 மார்ச்சுகளை வரிசையாகக் கேட்டேன். அமெரிக்க இசையமைப்பாளர் சூசாவின் 'லிபர்ட்டி பெல்' (1893) தொடங்கி எத்தனையோ. எதுவும் ஒட்டவில்லை.

என் தவறு இதுதான். மார்ச்சில் மூன்று இரண்டு விதமாக வரும். 6/8-ல் ஒரு காலடிக்குள் ஒரு முழு 'தகிட' அடங்கும். அதாவது இடது காலுக்கு ஒரு தகிட, வலது காலுக்கு ஒரு தகிட. 3/4-ல் அப்படி இல்லை. அங்கே 'த', 'கி', 'ட' ஒவ்வொன்றுக்கும் ஒரு காலடி. எழுந்து நடந்து பாருங்கள், வாயால் தகிட சொல்லுங்கள். 3/4-ல் முதல் 'த' இடது காலில் விழும், அடுத்த 'த' வலது காலில், அப்புறம் மறுபடி இடது. இரண்டு காலுக்கும் மூன்று எண்ணிக்கைக்கும் ஒத்துப்போகாததால் அழுத்தம் கால் மாறிக்கொண்டே இருக்கும். 2/4, 4/4, 6/8 எல்லாவற்றிலும் அது இடது காலிலேயே நிற்கும்.

இதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அந்த அணிவகுப்பில் நானும் நடந்தேன். "லெஃப்ட் கால்ல டிரம் வருதுல்ல, அதைப் பிடிச்சு நட" என்று பி.டி. சார் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் கடைசி மெட்டில் பெரிய டிரம் ஒரு தடவை இடது காலிலும் மறு தடவை வலது காலிலும் விழுந்தது. நான் கால் மாற்றி மாற்றித் தடுமாறி, முன்னால் போனவனின் ஷூவை மிதித்தேன். டிரம் அடித்த அண்ணன்தான் தப்பாக அடிக்கிறார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவர் சரியாகத்தான் அடித்திருக்கிறார், மெட்டே 3/4.

இனி தேடல்

பேக்பைப், 84 அடி, 3/4, கொடி இறக்கும் நேரம். இந்த நான்கும் சேர்ந்தால் வகைக்கே ஒரு பெயர் உண்டு: ரிட்ரீட் மார்ச். பின்வாங்கும் ஓட்டம் இல்லை, மாலையில் படையை முகாமுக்கு அழைக்கும் சடங்கு. யூடியூபில் இப்படித் தேடினேன்:

```
3/4 retreat march pipes and drums
```

வந்தவற்றில் திரும்பத் திரும்ப இரண்டு மெட்டுகள் ஜோடியாக இருந்தன: Green Hills of Tyrol, When the Battle's O'er. முதல் மெட்டின் இரண்டாவது அடியிலேயே கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். பெயர் 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் டைரல்'. ரோசினியின் 'வில்லியம் டெல்' ஓபராவில் (1829) இருந்து வந்த மெட்டு. கிரிமியப் போரின்போது இதைக் கேட்ட ஜான் மெக்லியோட் என்ற ஸ்காட்லாந்து பைப் மேஜர் பேக்பைப்புக்கு மாற்றினார் என்பார்கள்.

ஆனால் அங்கேயே நிறுத்தாதீர்கள். ஜோடியாக வாசிப்பதால் வீடியோவின் தலைப்பில் ஒரு பெயர் மட்டும் இருக்கும், உங்கள் மெட்டு இரண்டாவதாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனி வீடியோவில் கேட்டு, கூடவே நடந்து பாருங்கள்.

பின்சேர்க்கை: கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி, நடந்து பார்த்தும் தனக்கு 170 வருகிறது என்று எழுதியிருந்தார். பேசிப் பார்த்ததில், அவர் எண்ணியது சைடு டிரம்மின் சின்ன அடிகளை. ஒரு காலடிக்கு இரண்டு அடி விழுந்திருக்கிறது, ஆக அவருடையது 85. சைடு டிரம்மை விட்டுவிட்டு, வயிற்றில் 'தும்' என்று படும் பெரிய டிரம்மையும் காலையும் மட்டும் பிடியுங்கள்.

இன்னொன்று: அரங்கத்துக்குள் பேண்டு நின்றபடியே வாசித்ததைத்தான் கேட்டோம், நடையே இல்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். அப்போது வேகத்தை நம்பாதீர்கள், நின்று வாசிக்கும்போது கொஞ்சம் இழுப்பார்கள். நீங்களே மெட்டோடு நடந்து, அழுத்தம் கால் மாறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். வேகம் கூடினாலும் குறைந்தாலும் அந்த விடை மாறாது.