யூரியா டெஸ்ட்: பிளாங்க்கில் கோட்டை விடாதீர்கள்

போன வாரம் எங்கள் லேபுக்குப் பயிற்சிக்கு வந்த பையன் யூரியா ரேக்கை அடுக்கும்போது ஸ்டாண்டர்டு, கண்ட்ரோல், ஆறு பேஷண்ட் எல்லாம் வைத்துவிட்டுக் கலரிமீட்டரை டிஸ்டில்டு வாட்டரில் ஜீரோ செய்தான். பிளாங்க் குழாய் எங்கே என்றேன். "எதுக்கு சார், தண்ணியும் கலரில்லாமத்தானே இருக்கு?" முதல் வருஷம் நானும் இதையேதான் செய்தேன். டிப் மாற்ற மறப்பது, பேஷண்ட் எண் மாறுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, அவை திட்டு வாங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

பிளாங்க் இல்லாமல் ஓட்டுவது

சீரத்தில் இருக்கும் யூரியாவை யூரியேஸ் அம்மோனியாவாக உடைக்கிறது. அந்த அம்மோனியா சாலிசிலேட்டோடும் ஹைப்போகுளோரைட்டோடும் சேர்ந்து பச்சை நிறம் தருகிறது (பழைய ஃபீனால் முறையில் நீலம்). ஆனால் நிறத்துக்கு அம்மோனியா எங்கிருந்து வந்தது என்று தெரியாது. யூரியேஸ் பாட்டிலிலேயே கொஞ்சம் இருக்கலாம், திறந்து வைத்த டிஸ்டில்டு வாட்டர் காற்றிலிருந்து இழுத்திருக்கலாம், காலையில் தரை துடைத்த லோஷனில் அம்மோனியா இருந்திருக்கலாம். இதையெல்லாம் அளந்து கழிக்கத்தான் பிளாங்க். அதனால் யூரியேஸ் உட்பட எல்லா ரீஏஜெண்டும் அதில் இருக்க வேண்டும், சாம்பிளுக்குப் பதில் மட்டும் அதே அளவு தண்ணீர்.

என் கதைக்கு வருகிறேன். தண்ணீரில் ஜீரோ வைத்துப் படித்தேன். ஸ்டாண்டர்டு 40 மி.கி., ஓ.டி. 0.420. ஒரு டயாலிசிஸ் பேஷண்ட் 1.020. கணக்குப் போட்டால் 1.020 ÷ 0.420 × 40, அதாவது 97. கண்ட்ரோல் பார்த்தேன், அதன் மதிப்பு 40 பக்கம், அழகாக 40 வந்திருந்தது. சரி என்று ரிப்போர்ட் அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் டாக்டர் போன்: "கிரியாட்டினின் அப்படியே இருக்கு, இன்னும் டயாலிசிஸே பண்ணல, யூரியா மட்டும் எப்படிங்க இறங்கும்?"

சீனியர் வந்து ஒரு பிளாங்க் போட்டார். தண்ணீருக்கு எதிராக அது 0.120 காட்டியது. கழித்துப் பார்த்தால் ஸ்டாண்டர்டு 0.300, பேஷண்ட் 0.900. விடை 120. அதே ரேக்கில் 0.220 காட்டிய ஒரு சின்னப் பையனுக்கு நான் 21 என்று கொடுத்திருந்தேன், சரியான விடை 13.

இன்று வரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான்: அந்த 0.120 எல்லாக் குழாயிலும் ஒரே மாதிரி ஏறியிருந்தும், தப்பு ஒரே பக்கமாகப் போகவில்லை. ஸ்டாண்டர்டை விட அதிகம் இருப்பவர்களுக்குக் குறைத்துக் காட்டுகிறது, குறைவாக இருப்பவர்களுக்குக் கூட்டிக் காட்டுகிறது, எல்லோரையும் 40-ஐ நோக்கி இழுக்கிறது. சரியாக 40-இல் இருப்பவருக்குத் தப்பே வராது. அதனால் 40 பக்கத்துக் கண்ட்ரோல் மட்டும் போட்டால் அது இந்தப் பிழைக்குக் கண்ணை மூடிக்கொள்ளும். 100-க்கு மேல் மதிப்புள்ள இன்னொரு கண்ட்ரோலும் போடுங்கள்.

காலையில் எடுத்த பிளாங்க் ரீடிங்கை மதியம் பயன்படுத்துவதும் இதே தப்புதான், கொஞ்சம் நாகரிகமாக. பாட்டில் திறந்தே கிடந்தால் மதியத்து பிளாங்க் வேறு. அதேபோல பிளாங்க் கண்ணுக்கே பச்சையாகத் தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லாதீர்கள். நான் என் கலரிமீட்டரில் வழக்கமான அளவைத் தாண்டினாலே கலந்து வைத்த ரீஏஜெண்டைக் கொட்டிவிட்டுப் புது தண்ணீரில் கலப்பேன். இன்னொன்று, ஒரு குழாய் மட்டும் சரியாகக் கழுவாமல் இருந்தால் அதன் அழுக்கை எந்த பிளாங்க்கும் கழிக்காது. அதற்காகத்தான் பிளாங்க்கையும் ஸ்டாண்டர்டையும் இரண்டிரண்டாகப் போடுகிறேன்.

ஸ்டாண்டர்டு பாட்டிலுக்குள் நேராகப் பிப்பெட்

வேண்டாம். சின்னக் குழாயில் கொஞ்சம் ஊற்றி எடுங்கள், மிச்சத்தைத் திருப்பி ஊற்றாதீர்கள். கிருமி புகுந்து ஸ்டாண்டர்டு கெட்டால் ஊரில் எல்லோருக்கும் யூரியா தப்பாக வரும்.

டிப்பின் வெளிப்புறம்

எங்கள் கிட்டில் சாம்பிள் 10 மைக்ரோலிட்டர்தான். வெளியே ஒட்டிய 1 மைக்ரோலிட்டரும் உள்ளே போனால் 10 சதவீதம் பிழை. துடையுங்கள்.

சாம்பல் மூடி

சுகருக்கு எடுத்த குழாயில் யூரியா போடாதீர்கள். ஃப்ளூரைடு யூரியேஸை முடக்கும், யூரியா குறைந்து தெரியும். அம்மோனியம் ஹெப்பாரின் குழாயில் நேர்மாறு.

கடும்பச்சையில் தண்ணீர் ஊற்றுவது

நிறம் எல்லை மீறினால் குழாயில் தண்ணீர் சேர்த்துப் படித்துப் பெருக்குகிறார்கள். அதற்குள் ஹைப்போகுளோரைட்டே பற்றாமல் போயிருக்கலாம், அப்படியானால் வராத நிறத்தைப் பெருக்கி என்ன பயன். சீரம் 1 பங்கு, சலைன் 4 பங்கு கலந்து முதலிலிருந்து ஓட்டி, விடையை 5-ஆல் பெருக்குங்கள்.