வார இறுதிச் சந்தையில் பணியாரக் கடை: கணக்கைச் சட்டியிலிருந்து தொடங்குங்கள்

சென்னையில் இப்போது அபார்ட்மென்ட் வளாகங்களிலும் பள்ளி மைதானங்களிலும் சனி, ஞாயிறு சந்தை போடுகிறார்கள். மாலை 5 மணிக்கு ஆரம்பித்து 9.30 வரை ஓடும். அங்கே ஒரு நாள் சாப்பாட்டுக் கடை போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையை. அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, உங்கள் அடுப்பு ஒரு மணி நேரத்தில் எத்தனை தட்டு தரும் என்பது. விலை, மாவு, வரிசை எல்லாமே அந்த ஒரு எண்ணைப் பிடித்துத்தான் நிற்கின்றன. காரக் குழிப்பணியாரத்தை வைத்தே முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். ரூபாய்க் கணக்கு எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் பகுதி விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: சட்டி எவ்வளவு தரும்?

12 குழி உள்ள இரும்புச் சட்டியை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் விட்டு, மாவு ஊற்றி, மூடி, திருப்பிப் போட்டு, எடுக்கும் வரை ஏறக்குறைய 6 நிமிடம் ஆகும். தட்டுக்கு 6 பணியாரம் என்றால் ஒரு சட்டி ஒரு தடவைக்கு இரண்டு தட்டு, மணிக்கு 20 தட்டு. இரண்டு சட்டிக்கு 40, மூன்றுக்கு 60.

இதை வீட்டுச் சமையலறையில் அளக்காதீர்கள். மொட்டை மாடியில் அடுப்பை வைத்து, தொடர்ந்து நான்கைந்து தடவை சுட்டு, கைப்பேசியில் நேரம் பாருங்கள். திறந்த மைதானத்தில் காற்று தீயை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், 6 நிமிட வேலை 9 நிமிடம் ஆகிவிடும், ஒரு பாதி கருகி மறு பாதி வெள்ளையாக நிற்கும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகரத் தடுப்பு வைத்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். சிலிண்டர் தடுப்புக்கு வெளியேதான் இருக்க வேண்டும். புதுச் சட்டியை நேராகச் சந்தைக்குக் கொண்டு போகவே கூடாது, அது ஒட்டும், பணியாரம் பிய்ந்து வரும். எண்ணெய் காட்டிப் பழக்கிய சட்டிதான் வேண்டும்.

அப்புறம், சந்தை நாலரை மணி நேரமும் கூட்டம் ஒரே மாதிரி இருக்காது. 6.30 முதல் 8.30 வரை அடுப்பு முழு வேகத்தில் ஓடும், மீதி இரண்டரை மணி நேரத்தில் மணிக்கு 20 தட்டு போனால் நல்லது என்று வையுங்கள். அப்படியானால் இரண்டு சட்டிக்கு 80 + 50 = 130 தட்டு, மூன்று சட்டிக்கு 120 + 50 = 170 தட்டு. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரு தட்டுக்கு எவ்வளவு ஆகிறது, ஒரு நாளுக்கு எவ்வளவு ஆகிறது

இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும், கலந்தால் ஒன்றும் புரியாது.

தட்டுக்கு ஆகும் செலவு: மாவு 5 ரூபாய், வெங்காயமும் தாளிப்பும் 3, எண்ணெய் 3, சட்னி 6, பாக்குமட்டைத் தட்டு, கரண்டி, டிஷ்யூ சேர்ந்து 5, கேஸ் 2. மொத்தம் 24. தட்டு 70 ரூபாய்க்கு விற்றால் 46 ரூபாய் நிற்கும்.

ஒரு தட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் செலவு: இட வாடகை 2,500, மூன்று பேர் கூலி ஆளுக்கு 700 வீதம் 2,100, சரக்கு ஆட்டோ போக வர 900, ஐஸ், தண்ணீர், துணி இத்யாதி 400. மொத்தம் 5,900. மூன்று பேரில் ஒருவர் நீங்கள், இன்னொருவர் உங்கள் தங்கையாகவே இருக்கலாம், ஆனாலும் கூலியை எழுதுங்கள். அதை விட்டுவிட்டுப் பார்த்த லாபம் உங்கள் உழைப்புக்கான காசு மட்டும்தான், கடையின் லாபம் இல்லை.

இப்போது 5,900-ஐ 46-ஆல் வகுத்தால் 128.3 வரும். அதாவது 129 தட்டு விற்ற பிறகுதான் கைக்காசு வரத் தொடங்கும். மேலே பார்த்த எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு சட்டியோடு 130 தட்டு விற்றால் அந்த நாளில் மிஞ்சுவது 80 ரூபாய். மூன்று சட்டியோடு 170 விற்றால் 1,920 ரூபாய். அதே வாடகை, அதே ஆட்கள், ஒரு சட்டியும் ஒரு அடுப்பும் மட்டும் கூட. வாடகை அதிகமா குறைவா என்பதைச் சட்டிக் கணக்கு இல்லாமல் சொல்லவே முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். இன்னொரு சட்டிக்கு இடமோ ஆளோ இல்லை என்றால் விலையை ஏற்றிப் பாருங்கள், அதுவும் முடியாது என்றால் அந்தச் சந்தையை விட்டுவிடுங்கள்.

70 ரூபாய் விலை என்றால் 100 ரூபாய் நோட்டுக்கு 30 திருப்பித் தர வேண்டும். பத்து ரூபாய் நோட்டு இரண்டு கட்டாவது கையில் இருக்கட்டும். 65, 75 மாதிரி விலையே வைக்காதீர்கள், சில்லறை தேடுவதில் வரிசை நின்றுவிடும்.

படி 3: மாவைத் தூக்குகளாகப் பிரியுங்கள்

ஒரு கிலோ மாவில், சிந்துவது போக, சுமார் 36 பணியாரம் என்று கணக்கு வைக்கலாம். அதாவது கிலோவுக்கு 6 தட்டு. மாவை ஐந்து ஐந்து கிலோவாக மூடி போட்ட எவர்சில்வர் தூக்குகளில் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு தூக்கு 30 தட்டு.

எத்தனை தூக்கு எடுத்துப் போவது? மீந்து போனால் நஷ்டம் என்று பயந்து குறைவாக எடுத்துப் போகிறவர்கள்தான் அதிகம், கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஒரு தூக்கு மாவு மீந்தால் போவது 150 ரூபாய். ஒரு தூக்கு பற்றாமல் 30 பேரைத் திருப்பி அனுப்பினால் போவது 30 × 46, அதாவது 1,380 ரூபாய். அதனால் 170 தட்டு எதிர்பார்த்தால் ஆறு தூக்கு, 30 கிலோ, எடுத்துப் போங்கள். ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் அரைத்தால் மூன்றரை கிலோ மாவு வரும். 30 கிலோவுக்கு எட்டரை கிலோ அரிசியும் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே உளுந்தும் வேண்டும். இதை வீட்டு கிரைண்டரில் ஒன்பது ஈடாவது போட வேண்டியிருக்கும். மாவுக் கடையில் முதல் நாளே சொல்லி வாங்கினால் தட்டுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடும், ஆனால் வெள்ளிக்கிழமை தூங்கலாம்.

மாவு பொங்கியதும் தூக்குகளை ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள், சந்தையில் ஒரு சமயத்தில் ஒரு தூக்குதான் வெளியே இருக்க வேண்டும். வெங்காயம், பச்சை மிளகாய், தாளிப்பு எல்லாம் அந்தத் தூக்கைத் திறக்கும்போது மட்டும் சேருங்கள். முன்கூட்டியே கலந்தால் வெங்காயம் தண்ணீர் விட்டு மாவு நீர்த்துவிடும். நீர்த்த மாவைக் கண்டுபிடிப்பது சுலபம்: குழியில் உப்பாமல் பரவும், திருப்பும்போது நடுவில் உடையும், எண்ணெய் குடிக்கும். சென்னை வெயிலில் வெளியே கிடந்து அளவுக்கு மீறிப் புளித்த மாவோ மூக்கைத் துளைக்கும் வாசனை அடிக்கும், வெந்தாலும் பொன்னிறம் வராது. அதை விற்காதீர்கள்.

சட்னியில் தேங்காய்தான் ஆபத்து. தேங்காய்ச் சட்னியை இரண்டு பாகமாகப் பிரித்து ஐஸில் வைத்து, இரண்டாவதை 7 மணிக்கு மேல் எடுங்கள், பழையதோடு கலக்காதீர்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு, நன்றாக வதக்கி அரைத்த தக்காளி வெங்காயக் காரச் சட்னியை முக்கியமாக வைத்து, தேங்காய்ச் சட்னியைக் கொஞ்சமாக எடுத்துப் போவது.

படி 4: பேப்பர் வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுத்து அதன் நகலைக் கடையில் மாட்டுங்கள். வீட்டு உபயோகச் சிவப்பு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, வணிக சிலிண்டர்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் கப்பும் அதில் அடக்கம். அதனால்தான் கணக்கில் பாக்குமட்டை போட்டேன்.

படி 5: வரிசை

மேசையின் ஒரு ஓரத்தில் காசு, மறு ஓரத்தில் தட்டு கொடுக்கும் இடம், நடுவில் பின்னால் தள்ளி அடுப்பு. காசு வாங்குகிறவர் சாப்பாட்டைத் தொடக் கூடாது. விலைப் பலகை தலைக்கு மேல் உயரத்தில், வரிசையின் கடைசியில் நிற்பவருக்கும் தெரிகிற மாதிரி இருக்கட்டும். என்ன இருக்கு, எவ்வளவு என்ற கேள்வி காசு மேசைக்கு வரக் கூடாது, அங்கே தட்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் போனாலே மூன்று சட்டி அடுப்பைவிட வரிசை மெதுவாகிவிடும். க்யூஆர் அட்டை ஒன்று மேசையிலும் இன்னொன்று வரிசையின் நடுவிலும் வையுங்கள். பணம் வந்த சத்தம் சொல்லும் பெட்டி இருந்தால் நல்லது. கூட்டம் கூடினால் மைதானத்தில் நெட் படுத்துவிடும், அந்த நேரத்தில் பத்து ரூபாய் நோட்டுகள்தான் கைகொடுக்கும்.

மூன்று சட்டியிலும் ஒரே நேரத்தில் மாவு ஊற்றாதீர்கள். அப்படிச் செய்தால் 6 நிமிடம் ஒன்றுமே வராது, பிறகு ஆறு தட்டு ஒன்றாக வந்து தட்டு போடுகிறவர் திணறுவார். இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக ஊற்றினால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சட்டி இறங்கும், வரிசை நகர்வது கண்ணுக்குத் தெரியும், ஆட்கள் பொறுமையாக நிற்பார்கள். சுட்டு முன்னாலேயே அடுக்கி வைப்பதும் வேண்டாம், மூடி வைத்த பணியாரம் ஆவியில் நனைந்து மொறுமொறுப்பு போய்விடும். கூட்டம் வரும் நேரத்தில் ஒரு சட்டி அளவு கையிருப்பு போதும்.

டோக்கன் கொடுங்கள். ஆளை எண்ண வேண்டாம், தட்டை எண்ணுங்கள், ஏனென்றால் நாலு பேர் நின்றாலும் ஒருவர் மூன்று தட்டு கேட்பார். மூன்று சட்டி ஓடினால் நிமிடத்துக்கு ஒரு தட்டு. முன்னால் 12 தட்டு பாக்கி என்றால் 12 நிமிடம், அதைக் காசு வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். 15-ஐத் தாண்டினால் டோக்கனில் நேரத்தை எழுதி, "அக்கா, ஒரு சுற்று சுற்றிட்டு 7.40க்கு வாங்க, சூடா தர்றேன்" என்று அனுப்புங்கள். கடை முன்னால் அடைசல் குறைந்தால் புதிதாக வருகிறவர்களும் நிற்பார்கள்.

படி 6: தட்டே கணக்குப் புத்தகம்

பாக்குமட்டைத் தட்டுகளைச் சரியாக 180 எண்ணி எடுத்துப் போங்கள், மேலதிகக் கட்டைப் பிரிக்காமல் வையுங்கள். எத்தனை விற்றது என்று யாரும் எழுத வேண்டியதில்லை, குறைந்த தட்டுகளே சொல்லும். 7.30-க்கு ஒரு தடவை எண்ணுங்கள். மேலே போட்ட கணக்குப்படி அப்போது சுமார் 90 தட்டு போயிருக்க வேண்டும். 60-தான் போயிருக்கிறது என்றால் நாலாவது தூக்கு முடியப் போகும் வரை ஐந்தாவதில் கை வைக்காதீர்கள், ஆறாவது ஐஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

கடை கட்டும்போது, போன தட்டில் உடைந்ததையும் இலவசமாகக் கொடுத்ததையும் கழித்து 70-ஆல் பெருக்குங்கள். ஆரம்பத்தில் வைத்த சில்லறையை எடுத்துவிட்டு மீதிக் காசையும் யுபிஐயில் வந்ததையும் கூட்டினால் அதே தொகை வர வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் க்யூஆரில் போகாத பணம்தான். அன்றே யுபிஐ வரவுகளையும் டோக்கன்களையும் ஒப்பிட்டால் எந்த நேரத்தில் விட்டுப் போனது என்பது தெரிந்துவிடும். திறந்த தூக்கில் மீந்த மாவைக் கொட்டிவிடுங்கள், ஐஸிலிருந்து எடுக்காத தூக்கு குளிர்ச்சி குறையாமல் இருந்தால் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை முதலில் திறக்க வேண்டியது அதுதான்.