வைஃபை பாஸ்வேர்டு மாற்றியாச்சு, பிரிண்டரை மறுபடி இணைப்பது எப்படி?

பாஸ்வேர்டு மாறினால் போனும் டிவியும் புதியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். திரை இல்லாத பிரிண்டரால் கேட்க முடியாது. பழைய பாஸ்வேர்டோடு ரௌட்டரை முட்டிக்கொண்டே இருக்கும், வைஃபை விளக்கும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். உடனே கணினியில் டிரைவரை அழிக்கப் போகாதீர்கள், கோளாறு அங்கே இல்லை.

1. முதலில் பிரிண்டரின் பழைய நினைவை அழிக்கணும். பெரும்பாலான மாடல்களில் வைஃபை பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், விளக்கு வேறு விதமாகச் சிமிட்ட ஆரம்பிக்கும். சிலவற்றில் இன்னொரு பட்டனையும் சேர்த்து அழுத்தணும். உங்கள் மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. போனை வீட்டு வைஃபையின் 2.4 GHz பெயரில் இணையுங்கள். வீட்டு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 5 GHz பிடிக்கவே பிடிக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 5 GHz-ஐக் கொஞ்ச நேரம் அணைத்துவிடலாம்.

3. பிரிண்டர் கம்பெனியின் ஆப்பைத் திறந்து, பிரிண்டரைப் புதிதாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தக் கட்டத்தில் பிரிண்டர் தானே ஒரு சின்ன வைஃபையைப் பரப்பும், போன் அதில் சேர்ந்துதான் புதிய பாஸ்வேர்டைக் கொடுக்கணும். ஆனால் அந்த வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. அதனால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப்பும் "பிரிண்டர் கிடைக்கவில்லை" என்று கைவிரிக்கும். மொபைல் டேட்டாவை முதலிலேயே அணையுங்கள். "இன்டர்நெட் இல்லை, இருந்தாலும் இணைந்திருக்கவா?" என்று போன் கேட்டால் சரி என்று சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் லொகேஷனும் ஆனில் இருக்கணும். இல்லையென்றால் ஆப்பால் பக்கத்து வைஃபைகளைத் தேட முடியாமல் போகலாம்.

ரௌட்டரில் WPS பட்டன் இருந்தால் இத்தனை பாடில்லை. பிரிண்டரை WPS நிலைக்குக் கொண்டுபோய், 2 நிமிடத்துக்குள் ரௌட்டர் பட்டனை அழுத்தினால் போதும். நான் WPS-ஐ அணைத்தே வைத்திருப்பவன், அதன் பாதுகாப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை.

4. விளக்கு நிலையாக எரிந்ததும் பிரிண்டரிலிருந்தே நெட்வொர்க் தகவல் பக்கத்தை அச்செடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று அர்த்தம், படி 1-க்குத் திரும்புங்கள். 192.168.1.12 மாதிரி இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. இதற்குப் பிறகும் விண்டோஸ் Offline என்றால், அது பழைய முகவரியில், உதாரணமாக 192.168.1.7-ல், தேடிக்கொண்டிருக்கலாம். Printer properties-ல் Ports பகுதிக்குப் போய், Add Port, Standard TCP/IP Port வழியாகப் புதிய முகவரியைக் கொடுங்கள். மறுபடி மாறாமலிருக்க, ரௌட்டரில் அந்த முகவரியைப் பிரிண்டருக்கே ஒதுக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சேர மறுக்கிறது என்று கமெண்டில் கேட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு மாற்றும்போதே பாதுகாப்பு வகையையும் WPA3 மட்டும் என்று மாற்றியிருக்கிறீர்களா, பாருங்கள். பழைய பிரிண்டர்களுக்கு அது தெரியாது. WPA2/WPA3 கலந்த வகைக்கோ, அதுவும் எடுபடாவிட்டால் WPA2-வுக்கோ மாற்றிவிட்டுப் படி 1-லிருந்து ஆரம்பியுங்கள்.