ஸ்டாக் இல்லன்னு ஆர்டர் கேன்சல் பண்ணணுமா? கஸ்டமருக்கு எப்படி சொல்றது, காச எப்படி திருப்புறது

நம்ம டெல்டா பக்கம் பாரம்பரிய அரிசிய வாட்ஸப்ல ஆர்டர் எடுத்து பார்சல் போடுறவங்க இப்ப நிறைய பேர், அவங்களுக்கு ஐப்பசி கார்த்திகைல வர்ற தலைவலி இது, காசு வாங்கியாச்சு, மூட்டைய பிரிச்சா அரிசி பத்தல. ஒரு ஆர்டர எடுத்துக்கிட்டு முழுசா போட்டு பாத்துடலாம். நீங்க மன்னார்குடில விக்கிறீங்க, கோயம்புத்தூர்ல ஒரு அக்கா தூயமல்லி 10 கிலோ, மாப்பிள்ளை சம்பா 5 கிலோ கேட்டிருக்காங்க. தூயமல்லி கிலோ 110, மாப்பிள்ளை சம்பா 100, பார்சல் 300, ஆக மொத்தம் 1,900 ரூபா அனுப்பிட்டாங்க. தூயமல்லி தீந்துபோச்சு.

ஸ்டெப் 1: மெசேஜ் போடுறதுக்கு முன்னாடி நிஜமாவே இல்லையான்னு பாருங்க. மில்லுக்கும், நெல்லு குடுக்குற விவசாயிக்கும் ஒரு போன். வண்டு விழுந்த மூட்டைய ஸ்டாக்குல சேக்காதீங்க. கையோட கேட்லாக்ல இருந்து தூயமல்லிய எடுத்துடுங்க, இல்லன்னா இந்த அக்காகிட்ட பேசி முடிக்கிறதுக்குள்ள அதே அரிசிக்கு இன்னொருத்தர் காசு போட்டுடுவார்.

ஸ்டெப் 2: அடுத்து எப்ப வரும்? இங்கதான் பலபேர் "ரெண்டு வாரத்துல வந்துடும்"னு வாய்க்கு வந்தத சொல்லிடுறாங்க. ஆவணி வாக்குல விதைச்ச சம்பா தைலதான் அறுப்பு, அப்புறம் காய வச்சு அரைக்கணும், புது அரிசி சாதம் குழையும்னு கொஞ்ச நாள் வச்சிருந்து விக்கிறவங்களும் உண்டு. அதனால "தைக்கு அப்புறம்தான்"னு சொல்லிடுங்க. காத்திருக்கேன்னு அவங்க சொன்னாலும் காச பிடிச்சு வைக்காதீங்க, திருப்பிட்டு பேர மட்டும் எழுதி வச்சுக்கங்க, மூணு நாலு மாசம் அடுத்தவங்க காசு நம்மகிட்ட கிடந்தா அது கடன்தான்.

ஸ்டெப் 3: மாத்து அரிசி. உங்ககிட்ட எது தேங்கி கிடக்குதுன்னு பாக்காதீங்க, அவங்க எதுக்கு வாங்கினாங்கன்னு பாருங்க. தூயமல்லி தினசரி சாப்பாட்டுக்கான வெள்ளை சன்ன ரகம், அதுக்கு கிட்ட வர்றது கிச்சிலி சம்பா. சீரக சம்பா பிரியாணிக்கு, அத இதுக்கு பதிலா தள்ளினா கோவம்தான் வரும். ஒரு மாத்து போதும், அஞ்சாறு பேர அடுக்கினா பதிலே வராது. கேக்காம மாத்தி அனுப்புறது மட்டும் வேணாம்.

ஸ்டெப் 4: கணக்கு. கிச்சிலி கிலோ 95ன்னு வைங்க, அத எடுத்துக்கிட்டா 150 ரூபா திரும்பும். தூயமல்லி வேணாம், மாப்பிள்ளை சம்பா மட்டும் போதும்னா 1,100 மட்டும் இல்ல, பார்சல் எடையும் குறையுது, 5 கிலோவுக்கு 120 தான் ஆகும்னா அந்த 180ம் சேத்து 1,280 குடுக்கணும். இத மறக்குறவங்கதான் அதிகம், கஸ்டமர் மறக்க மாட்டாங்க. எல்லாமே வேணாம்னா 1,900ம் முழுசா, இல்லாம போனது நம்ம பக்கம், அதனால ஒரு ரூபா கூட பிடிக்கக்கூடாது.

ஸ்டெப் 5: இப்ப மெசேஜ். வயசானவங்கன்னா முதல்ல போன், அப்புறம் எழுத்துல. "வணக்கம்"னு மட்டும் போட்டுட்டு பதிலுக்கு காத்திருக்காம ஒரே மெசேஜ்ல முடிங்க:

"வணக்கம்க்கா. நீங்க கேட்ட தூயமல்லி 10 கிலோ ஸ்டாக் தீந்துடுச்சு, அனுப்ப முடியல, மன்னிச்சுக்கங்க. புது அரிசி தைக்கு அப்புறம்தான் வரும். மாப்பிள்ளை சம்பா 5 கிலோ ரெடியா இருக்கு. தூயமல்லிக்கு பதிலா கிச்சிலி சம்பா எடுத்துக்கிட்டா 150 ரூபா திருப்பி அனுப்புறேன். மாப்பிள்ளை சம்பா மட்டும் போதும்னா 1,280. எதுவும் வேணாம்னா 1,900 முழுசா. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்கக்கா, பதில் வரலன்னா முழு பணத்தையும் அனுப்பிடுறேன்."

வண்டி வரல, மழை, மில்லு ரிப்பேர்னு கதை வேணாம். அவங்களுக்கு வேண்டியது எது இல்ல, எவ்வளவு திரும்பும், எப்பங்கிறது மட்டும்தான்.

ஸ்டெப் 6: பணம். க்யூஆர்ல வாங்கினதுன்னா, எந்த யுபிஐ ஐடில இருந்து வந்துச்சோ அதுக்கே திருப்பி அனுப்புங்க, அனுப்புறதுக்கு முன்னாடி திரைல வர்ற பேர சரிபாருங்க. அவங்களுக்கு க்யூஆரோ லிங்க்கோ அனுப்பாதீங்க, ஓடிபி கேக்காதீங்க. பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்ல, மோசடிக்காரங்க ரீஃபண்டுன்னு சொல்லித்தான் பின் போட வைக்கிறாங்க, அதனால நீங்க லிங்க் அனுப்பினா உங்களையும் அந்த லிஸ்ட்ல சேத்துடுவாங்க. போனதும் ஸ்க்ரீன்ஷாட்டோட 12 இலக்க யுடிஆர் நம்பரையும் போடுங்க, வரலன்னா அவங்க பேங்க்ல அத வச்சுதான் கேக்க முடியும்.

வெப்சைட்டுல பேமென்ட் கேட்வே வழியா வந்த காசுன்னா அங்க இருக்கிற ரீஃபண்ட் பட்டன்தான். அது போய் சேர பொதுவா 5 முதல் 7 வேலை நாள் ஆகும், அத முன்னாடியே சொல்லிடுங்க. மூணாம் நாள் அவங்க "வரலையே"ன்னு கேட்டதும் பதறிப்போய் ஜிபேலயும் ஒரு தடவ அனுப்பிடாதீங்க, அப்புறம் ரெண்டாவது தடவ போனத நீங்கதான் கேட்டு வாங்கணும்.