செமினாருக்கு மார்க் போடுவது எப்படி? கேள்வி நேரத்தில்தான் சிக்கல்

சேலத்தில் முதலாமாண்டு வகுப்புகளின் செமினாருக்கு மார்க் போடுகிறேன். நாலு கட்டம், ஒவ்வொன்றுக்கும் 5: அமைப்பு, பேசும் விதம், கண் பார்த்துப் பேசுவது, கேள்விக்குப் பதில். தாளும் பென்சிலும் போதும். ஆப், எக்செல் எல்லாம் எனக்கு ஒத்துவராது. குனிந்து தட்டிக்கொண்டிருந்தால் பேசுகிறவர் எங்கே பார்க்கிறார் என்றே தெரியாது.

அமைப்புக்கு, கேட்கும்போதே முக்கியமான விஷயங்களை ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்ததும் அந்த வரிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நின்றால் மார்க் குறையும். பேசும் விதம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா, ஸ்லைடை அப்படியே வாசித்தாரா, அவ்வளவுதான்.

கண் பார்ப்பதற்கு முதல் வரிசையில் உட்காராதீர்கள். மார்க் போடுகிறவர் முகத்தையே பார்த்துப் பேசுவார்கள். ஓரமாக, நடு வரிசையில் உட்கார்ந்து வகுப்பை இடது, நடு, வலது என்று பிரித்துக்கொண்டு, ஒரு முழு வாக்கியத்தை யாராவது ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அந்தப் பக்கம் ஒரு கோடு. பின்சுவரைப் பார்ப்பது கணக்கில் வராது.

அப்புறம் கேள்வி நேரம். ஒருவருக்குச் சுலபமான கேள்வியும் இன்னொருவருக்குக் கஷ்டமானதும் விழுந்தால் மார்க்குக்கு அர்த்தமே இல்லை. அதனால் நண்பர்கள் கேட்பது போக, எல்லாருக்கும் நானே இரண்டு கேட்பேன்: பேச்சுக்குள்ளிருந்து ஒரு ‘ஏன்’, பேச்சுக்கு வெளியிலிருந்து ஒன்று.

உதாரணத்துக்கு, ஒரு மாணவி ஏற்காடு காப்பித் தோட்டம் பற்றிப் பேசினார் என்று வையுங்கள். “காப்பிச் செடிக்கு நிழல் மரம் ஏன்?” என்று கேட்டால், “சில்வர் ஓக் வைப்பாங்க சார், அதுல மிளகுக்கொடி ஏத்துவாங்க” என்கிறார். தகவல் சரி, ஆனால் கேட்டது அதுவல்ல. நேர்வெயிலில் செடி வாடும், இலை கருகும் என்று வந்திருக்க வேண்டும். அதனால் இதற்கு 2. அடுத்து, “விலையை யார் முடிவு செய்கிறார்கள்?” “அதை நான் பாக்கல சார், சாகுபடி மட்டும்தான் படிச்சேன். வியாபாரிங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்.” இதற்கு 4. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எங்கே கேட்கலாம் என்பதையும் சொல்லிவிட்டார். இரண்டுக்கும் சராசரி பார்த்துக் கட்டத்தில் 3.

குரல் கணீரென்று இருப்பவருக்கு இந்த இடத்திலும் கை தானாக 4 போடும். அதனால் கேள்விக் கட்டத்தை நிரப்பும்போது மற்ற மூன்றையும் ஒரு தாளால் மூடிவிடுங்கள். அடுத்தவர் எழுந்து வருவதற்குள் எழுதியும்விடுங்கள், மதிய இடைவேளைக்குத் தள்ளிப்போட்டால் முகம்தான் நினைவிருக்கும், பதில் இருக்காது.

பின்சேர்க்கை: மாறுகண் உள்ள மாணவருக்குக் கண் பார்ப்பதை எப்படி அளப்பது என்று ஒரு ஆசிரியை கேட்டிருந்தார். கண்ணை விட்டுவிட்டு, முகமும் உடம்பும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக் கோடு போடுங்கள். வெட்கத்தில் தலை குனிகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது, அவருக்கு அதே பழைய கணக்குதான்.