பேசின் 'களக் களக்' என்றால் பேசினை நோண்டாதீர்கள்

பிளம்பிங் கற்றுக்கொள்கிறவர் இந்தச் சத்தத்தைக் கேட்டதும் செய்வது ஒன்றுதான். பேசினுக்குக் கீழே வளைந்திருக்கும் டிராப்பைக் கழற்றுவார், கழுவுவார், மாட்டுவார். மாடியில் அடுத்த ஃபிளஷ் விழுந்ததும் சத்தம் திரும்ப வந்துவிடும். பசை போடாத ஜாயின்ட், வாட்டம் இல்லாத பைப் மாதிரியான தவறுகளை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காற்றுக்காக வைக்கும் வென்ட் பைப்பில் நடக்கும் தவறுகள் அப்படியில்லை; அவற்றைத்தான் இங்கே பார்க்கிறோம்.

டிராப்பில் நிற்கும் தண்ணீரின் ஆழம் பொதுவாக 50 மி.மீ. சாக்கடை வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அது மட்டுமே. கமோட்டில் ஃபிளஷ் செய்த தண்ணீர் செங்குத்துக் குழாயில் இறங்கும்போது தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கூரை வழியாகக் காற்று உள்ளே வரத்தான் வென்ட் பைப். அது அடைத்திருந்தால், பக்கத்தில் உள்ள டிராப்பின் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு அறைக் காற்று உள்ளே போகும். அந்தக் குமிழிகளின் சத்தம்தான் 'களக் களக்'. 50 மி.மீ. தண்ணீரைத் தள்ள வளிமண்டல அழுத்தத்தில் சுமார் இருநூறில் ஒரு பங்கு வித்தியாசமே போதும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் போய், கடைசியில் நாற்றம் வரும்.

எது அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் கை வைப்பது

பேசினில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் முதலில் கழிவுக் குழாயைப் பாருங்கள். தண்ணீர் சரசரவென இறங்குகிறது, ஆனால் வேறொரு கமோட்டை ஃபிளஷ் செய்யும்போது பேசின் சத்தம் போடுகிறது என்றால் வென்ட்டைச் சந்தேகப்படுங்கள். பல அறைகளில் சத்தம் வந்தால் கூரைக்குப் போகும் பெரிய வென்ட்; ஒரே பேசினில் மட்டும் என்றால் அதன் கிளை வென்ட்.

வென்ட்டைத் தாழ்வாகப் படுக்கவைப்பது

இத்தனை வீடுகளில் டைல்ஸை உடைத்த பிறகும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலூட்டும் தவறு இது. பேசினின் விளிம்பு தரையிலிருந்து 800 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கழிவுக் குழாயிலிருந்து கிளம்பும் வென்ட்டை 500 மி.மீ. உயரத்திலேயே எல்போ போட்டுச் சுவருக்குள் படுக்கையாகத் திருப்பிவிடுகிறார்கள். வெட்டும் வேலை குறையும்; முதல் நாள் எல்லாம் சரியாகவே ஓடும்.

ஒரு நாள் முடியும் சோப்பும் சேர்ந்து கழிவுக் குழாய் அடைக்கும். பேசினில் தண்ணீர் ஏறும்போது அதே மட்டத்துக்கு வென்ட்டுக்குள்ளும் ஏறும், 500 மி.மீ.-இல் படுத்திருக்கும் குழாய் நிரம்பிவிடும். பம்ப் அடித்ததும் அடைப்பு விலகும். கழிவுக் குழாயைத் தினசரி ஓடும் தண்ணீர் கழுவிக்கொண்டே இருக்கும். வென்ட்டைக் கழுவ எதுவும் வராது. உள்ளே தங்கிய சோப்புக் கசடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சில முறை நடந்தால் 40 மி.மீ. குழாயின் வாய் மூடிவிடும். சத்தம் அதற்குப் பிறகுதான் தொடங்கும் என்பதால் பழைய அடைப்போடு யாரும் அதை முடிச்சுப்போடுவதில்லை. அடைப்பு நீக்கும் திரவத்தைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறார்கள். அது வென்ட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கடைசி வழி சுவரை உடைப்பது.

சரியான முறை இது. கழிவுக் குழாயின் மேல்பாதியிலிருந்து வென்ட் கிளம்ப வேண்டும். அங்கிருந்து நேராகவோ, செங்குத்திலிருந்து 45 பாகைக்கு மேல் சாயாமலோ ஏற வேண்டும். பேசின் விளிம்பைத் தாண்டி இன்னும் 150 மி.மீ. ஏறிய பிறகே படுக்கையாகத் திரும்பலாம். நம் கணக்கில் 950 மி.மீ. அடைப்பு வந்தால் தண்ணீர் அங்கே ஏறுவதற்குள் பேசின் வழிந்து ஆளைக் கூப்பிட்டுவிடும். செங்குத்துப் பகுதியில் ஏறிய தண்ணீர் தானாக இறங்கிவிடும். பல சாதனங்களுக்கு ஒரே வென்ட் என்றால், அவற்றில் எந்த விளிம்பு உயரமோ அதிலிருந்து 150-ஐக் கணக்கிடுங்கள். படுக்கைப் பகுதிக்கும் கழிவுக் குழாயை நோக்கி வாட்டம் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வேர்க்கும் ஈரம் தேங்கும். ஜன்னல் குறுக்கிட்டு, தாழ்வாகப் படுக்கவைப்பதைத் தவிர வழியே இல்லையென்றால், கழிவுக் குழாய்க்கான நீள்வளைவு ஃபிட்டிங் போட்டு, திறந்து அடைப்பெடுக்க ஒரு கிளீன்அவுட்டும் வையுங்கள்.

டிராப்பிலிருந்து வெகுதூரத்தில் வென்ட்

டிராப்புக்கும் வென்ட்டுக்கும் இடையே குழாயின் இறக்கம் அதன் விட்டத்தைத் தாண்டக் கூடாது. 50-க்கு 1 வாட்டத்தில் 40 மி.மீ. குழாய்க்கு அது 2 மீட்டர். தாண்டினால், வென்ட் திறந்திருந்தும் பேசின் தன் தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

கூரை வாயில் நெருக்கமான வலை

தூசியும் இலையும் அதிலேயே அடைக்கும். அகலக் கண் வலை போடுங்கள்.

எல்லா இடத்திலும் காற்று வால்வு

அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. செங்குத்துக் குழாயின் அடியில் அழுத்தம் ஏறினால் கீழ்த்தளக் கமோட்டில் குமிழி கிளம்பும். ஒரு குழாயாவது கூரைக்கு மேல் திறந்திருக்கட்டும்.