தடிமனான சுவர் உள்ள வீட்டில் வைஃபை: எந்த அறைக்கு 2.4, எந்த அறைக்கு 5?

பல ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அதிர்வெண்களில் வைஃபை தருகின்றன. ரவுட்டர் இருக்கும் அறையில் பறக்கும் 5 கிகாஹெர்ட்ஸ், இரண்டு சுவர் தாண்டியதும் தள்ளாடும். அதிர்வெண் கூடக் கூட, செங்கலும் கான்கிரீட்டும் அலையை அதிகமாக உறிஞ்சிவிடும் என்பதே காரணம். 2.4 அதே சுவர்களைத் தாண்டி வரும். ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் முட்டி மோதுகின்றன. அதனால் வீடு முழுமைக்கும் ஒன்று என்று இல்லாமல், அறைவாரியாக முடிவெடுங்கள்.

படி 1: பெயர்களைப் பிரியுங்கள்

பல ரவுட்டர்களில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கும். அமைப்புப் பக்கத்தில் `Smart Connect` அல்லது `Band Steering` என்று இருப்பதை அணைத்துவிட்டு, `Veedu-2`, `Veedu-5` என்று தனித்தனிப் பெயர் கொடுங்கள். கடவுச்சொல் ஒன்றே இருக்கலாம்.

படி 2: உட்காரும் இடத்தில் அளங்கள்

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலி போதும். மேக்கில் Option விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைத் தொட்டால், சிக்னல் வலிமையைச் சொல்லும் `RSSI` தெரியும். எண் மைனஸில் வரும்; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. -67 வரை வீடியோ அழைப்பு பொதுவாகத் தடையின்றி ஓடும். -75-க்குக் கீழே போனால் திணறத் தொடங்கும். கதவை மூடிவிட்டு அளங்கள். இரவில் கதவு மூடித்தானே இருக்கும்.

படி 3: வேகத்தையும் பாருங்கள்

ஓர் உதாரணம். ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது. ஒரு சுவர் தள்ளி உள்ள அறையில் 5-க்கு -63, 2.4-க்கு -54. எண்ணை மட்டும் பார்த்தால் 2.4 என்று தோன்றும். அது தவறு. 5 பெரும்பாலும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் ஓடுகிறது, 2.4-க்கு 20 தான்; சேனல் அகலமானால் வேகமும் கூடும். ஆகவே எண் பலவீனமாக இருந்தாலும் வேகச் சோதனையில் 5 முந்தும். இரண்டு சுவர் தள்ளி உள்ள அறையில் 5-க்கு -81, 2.4-க்கு -66. இங்கே யோசிக்கவே வேண்டாம், 2.4 தான்.

படி 4: கருவிகளைக் கட்டிப்போடுங்கள்

அந்தக் கடைசி அறையின் டிவியில் `Veedu-5`-ஐ நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பலவீனமான 5-ஐயே அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். 2.4-இல் அகலத்தை 20-இலேயே வைத்து, 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

2.4-உம் -75-க்குக் கீழே இருந்தால் முதலில் ரவுட்டரை வாசலுக்கு நேராக நகர்த்திப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால், கேபிள் இழுத்து அந்த அறையிலேயே ஓர் ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் வழி. கம்பியில்லா ரிப்பீட்டரை அந்த அறைக்குள் வைத்துப் பயனில்லை. அதற்கும் அதே நலிந்த சிக்னல்தான் கிடைக்கும்.